புதுச் சேனலில் 52 நிமிட வீடியோ ஏறுமா? யூடியூப் வரம்புகள் எப்போது, எதனால் தளரும்

யூடியூப்பில் புதிதாகச் சேனல் திறந்தவர்கள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. நீளத்துக்கு ஒரு வரம்பு, ஃபைல் அளவுக்கு ஒரு வரம்பு, ஒரு நாளில் எத்தனை வீடியோ ஏற்றலாம் என்பதற்கு ஒரு வரம்பு என்று மூன்று இருக்கின்றன. சேனல் பழசாகப் பழசாக மூன்றும் சேர்ந்தே தளரும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நீளத்தின் பூட்டுக்குச் சாவி உங்கள் போன் எண். நாள் கணக்கின் பூட்டுக்குச் சாவி சேனலின் நடத்தை. அளவுக்கு யாருக்கும் தனிச் சாவி கிடையாது, புதியவருக்கும் பத்து வருடக்காரருக்கும் ஒரே எண்தான். எந்தப் பூட்டில் மாட்டியிருக்கிறோம் என்று தெரியாமல் வேறு சாவியைத் திருகிக்கொண்டிருப்பதுதான் வழக்கமாக நடப்பது.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டே போவோம். இசை வகுப்பு எடுக்கிற ஒருவர். அவரிடம் 40 பாடங்கள் பதிவாகி இருக்கின்றன, ஒவ்வொன்றும் 52 நிமிடம், 1080p தரம். இன்று காலைதான் சேனல் திறந்தார். முதல் பாடத்தை ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறார்.

முதல் நாள்: 15 நிமிடச் சுவர்

போன் எண்ணைச் சரிபார்க்காத சேனலில் ஒரு வீடியோ 15 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ஆசிரியரின் 52 நிமிடப் பாடம் அங்கே நிற்காது. எரிச்சலான விஷயம், ஃபைல் மொத்தமும் ஏறி முடிந்த பிறகும் இது தெரியவரலாம் என்பதுதான். வீடியோ பட்டியலில் அந்த வரிசைக்கு எதிரே too long என்ற சொற்களைப் பார்த்தால் காரணம் இதுதான், ஃபைல் கெட்டுப்போகவில்லை, இணையமும் காரணமில்லை. அதே ஃபைலைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை.

இந்த இடத்தில் ஆசிரியர் என்ன செய்வார்? பெரும்பாலானவர்கள் செய்வதைத்தான் செய்வார், பாடத்தை வெட்டுவார். 52 நிமிடத்தைப் பதினான்கு பதினான்காக வெட்டினால் நான்கு துண்டு. 40 பாடத்துக்கு 160 துண்டு. நீளப் பிரச்சினை தீர்ந்தது, சரி. ஆனால் 40 முறை ஏற்றவேண்டிய இடத்தில் இப்போது 160 முறை ஏற்றவேண்டும். நாள் கணக்கின் வரம்பு மிகக் குறைவாக இருப்பதும் இதே புதுச் சேனலுக்குத்தான். ஒரு சுவரைத் தாண்ட வெட்டியது அடுத்த சுவரில் கொண்டுபோய் முட்டவைக்கிறது. அதனால் என் அபிப்பிராயம்: ஒரே ஒரு வீடியோவை உடனே போட்டாக வேண்டும் என்றால் வெட்டுங்கள், தொடராகப் போடப்போகிறீர்கள் என்றால் வெட்டாதீர்கள், முதலில் போன் எண்ணை முடித்துவிடுங்கள்.

வெட்டித்தான் ஆகவேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எடிட்டிங் மென்பொருளில் 15:00 என்று காட்டுகிற வீடியோ, ஏற்றுமதி செய்த பிறகு ஒன்றிரண்டு ஃபிரேம் கூடிப்போவது சகஜம். 14:50-க்குள் முடித்துவிடுவது நல்லது. ffmpeg தெரிந்தவர்கள் நீளத்தைத் துல்லியமாக இப்படிப் பார்க்கலாம், விடை நொடிகளில் வரும், 900-க்குக் கீழே இருக்கவேண்டும்:

```
ffprobe -v error -show_entries format=duration -of csv=p=0 paadam01.mp4
```

வெட்டுவதற்கு இது:

```
ffmpeg -i paadam01.mp4 -c copy -f segment -segment_time 840 -reset_timestamps 1 paadam01_%02d.mp4
```

840 நொடி என்றால் 14 நிமிடம். ஏன் 900 போடவில்லை என்றால், இந்த முறையில் படம் மறுபடி என்கோடு ஆவதில்லை, அதனால் சொன்ன நொடியில் துல்லியமாக வெட்டாமல் அதற்கடுத்த கீஃபிரேம் வரும்வரை போய்த்தான் வெட்டும். சில நொடிகள் கூடிவிடும். 900 என்று கொடுத்தால் துண்டு 15 நிமிடத்தைத் தாண்டி, பழைய இடத்திலேயே போய் நிற்பீர்கள்.

இந்த 15 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: 2006 மார்ச்சில் யூடியூப் 10 நிமிட வரம்பைக் கொண்டுவந்தது, காரணம் டிவி நிகழ்ச்சிகளை முழுசு முழுசாக ஆட்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 2010 ஜூலையில் அது 15 ஆனது. அதே வருடம் டிசம்பரில், விதிமீறல் இல்லாமல் நடந்துகொண்ட சில கணக்குகளுக்கு மட்டும் நீள வரம்பை எடுத்துவிட்டார்கள். நல்ல பெயர் எடுத்த கணக்குக்குக் கூடுதல் உரிமை என்கிற ஏற்பாடு பெரிய அளவில் தொடங்கியது அங்கேதான்.

போன் எண்ணைச் சரிபார்ப்பது

youtube.com/verify என்ற முகவரிக்குப் போங்கள். போவதற்கு முன்னால் ஒரு விஷயம்: ஒரே மெயில் கணக்கில் இரண்டு மூன்று சேனல் வைத்திருப்பவர்கள், மேலே வலது மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டு எந்தச் சேனலில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளவேண்டும். சரிபார்ப்பு சேனலுக்குச் சேனல் தனி. சொந்தப் பெயரில் இருக்கும் வெறும் சேனலைச் சரிபார்த்துவிட்டு, வகுப்புச் சேனலில் ஏன் இன்னும் 15 நிமிடம் என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

நாட்டைத் தேர்ந்தெடுத்து, குறியீடு எஸ்எம்எஸ் ஆக வரவேண்டுமா அழைப்பாக வரவேண்டுமா என்று சொல்லி, எண்ணைக் கொடுத்தால், ஆறு இலக்கக் குறியீடு வரும். அதை உள்ளிட்டால் முடிந்தது. எஸ்எம்எஸ் வரவே இல்லை என்றால் அழைப்பை முயன்று பாருங்கள்.

அந்த எண் ஏற்கனவே அதிகபட்ச முறை பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று திரை சொன்னால் பயப்பட வேண்டாம். ஒரு போன் எண்ணை வைத்து ஒரு வருடத்தில் இரண்டு சேனலைத்தான் சரிபார்க்கலாம். வீட்டில் எல்லோர் சேனலுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தால் மூன்றாவது ஆள் மாட்டுவார். வேறு எண்தான் வழி.

முடிந்ததும் உறுதி செய்யவேண்டிய இடம் யூடியூப் ஸ்டுடியோ. கணினியில் studio.youtube.com திறந்து, இடது பக்கம் கீழே Settings, அதில் Channel, அதில் Feature eligibility. அங்கே மூன்று படிகள் தெரியும். Standard features என்பது எல்லோருக்கும் இருப்பது. Intermediate features என்பது போன் எண் கொடுத்தால் வருவது. Advanced features என்பது அதற்கும் மேல். நடுப்படிக்கு எதிரே Enabled என்று பச்சையில் இருந்தால் 15 நிமிடச் சுவர் போய்விட்டது. இந்தப் பக்கத்தைப் புக்மார்க் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் எப்போது எந்த வரம்பில் மாட்டினாலும் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

ஒரு சொல் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சரிபார்க்கப்பட்ட சேனல் என்றதும் பெயருக்குப் பக்கத்தில் வரும் டிக் குறியை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. அதற்கு விண்ணப்பிக்க ஒரு லட்சம் சந்தாதாரர்கள் வேண்டும், அது சேனல் உண்மையானது என்று பார்வையாளருக்குக் காட்டுகிற அடையாளம். நீள வரம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சந்தாதாரரே இல்லாத சேனலும் போன் எண் கொடுத்த அன்றே நீள வீடியோ போடலாம்.

இப்போது எவ்வளவு நீளம், எவ்வளவு பெரிது?

12 மணி நேரம் அல்லது 256 ஜிபி, இரண்டில் எது முதலில் முட்டுகிறதோ அது. போன் எண் கொடுத்த நேற்றைய சேனலுக்கும் பழம்பெரும் சேனலுக்கும் இதே அளவுதான். யூடியூப்பில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓடும் பழைய வீடியோக்கள் கண்ணில் படலாம், அவை வரம்பு வேறாக இருந்த காலத்தில் ஏறியவை. அதைக் காட்டி எனக்கும் கொடு என்று கேட்கமுடியாது.

256 ஜிபி என்பது கேட்கப் பெரிதாக இருந்தாலும் எப்போது முட்டும் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 1080p, நொடிக்கு 30 ஃபிரேம் வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட் 8 எம்பிபிஎஸ். எட்டு பிட் ஒரு பைட், ஆக நொடிக்கு 1 எம்பி, நிமிடத்துக்கு 60 எம்பி. நம் ஆசிரியரின் 52 நிமிடப் பாடம் சுமார் 3.1 ஜிபி. இதே தரத்தில் 12 மணி நேரம் ஓடினாலும் 43 ஜிபிதான் ஆகும். அளவு வரம்பை அவர் கண்ணால்கூடப் பார்க்கப்போவதில்லை.

அப்போது யார் முட்டுவார்கள்? எடிட்டிங்கில் இருந்து புரோரெஸ் 422 எச்கியூ மாதிரியான ஃபார்மட்டில் வெளியே எடுத்து அப்படியே ஏற்றுகிறவர்கள். 4கே, 30 ஃபிரேமில் அது மணிக்குக் கிட்டத்தட்ட 400 ஜிபி தின்னும். அதாவது 39 நிமிடத்துக்குள் 256 தாண்டிவிடும். இவருக்கு வருகிற பிரச்சினை நீளம் போலத் தோன்றும், 12 மணி நேரம் இருக்கிறதே என்பார், உண்மையில் முட்டியது அளவு. எச்.264-க்கு மாற்றி ஏற்றினால் தீர்ந்தது. எப்படியும் யூடியூப் தன் பங்குக்கு மறுபடி என்கோடு செய்யத்தான் போகிறது.

கவனித்தீர்களா, போன் எண் கொடுக்காத சேனலால் அளவு வரம்பை எட்டுவதே கஷ்டம். இதே கனமான ஃபார்மட்டில்கூட 15 நிமிடம் என்பது 100 ஜிபிதான். அதனால் புதுச் சேனலில் வீடியோ ஏறவில்லை என்றால் ஃபைலைச் சுருக்கிக்கொண்டு உட்காராதீர்கள். தரம்தான் போகும், நீளம் அப்படியே இருக்கும்.

நாள் கணக்கு

இதுதான் கொஞ்சம் வழுக்கலான பகுதி. ஒரு நாளில் எத்தனை வீடியோ என்பதற்கு யூடியூப் பொதுவாக ஒரு எண்ணை அறிவித்து வைக்கவில்லை. நாட்டைப் பொறுத்தும் சேனலின் வரலாற்றைப் பொறுத்தும் மாறும் என்று மட்டும் சொல்கிறது. எனவே யாராவது புதியவருக்கு இத்தனை, பழையவருக்கு இத்தனை என்று அட்டவணை போட்டுக் கொடுத்தால் அது அவர்கள் சேனலில் நடந்தது, உங்களுடையதில் அப்படியே நடக்க வேண்டும் என்பதில்லை. நிச்சயமாகத் தெரிந்தவை இரண்டு. மூன்றாம் படியான Advanced features கிடைத்தால் இந்த எண்ணிக்கை கூடும். கணினி, போன், வேறு மென்பொருள் வழியாக ஏற்றுவது எல்லாம் ஒரே கணக்கில் சேரும், ஆகவே கணினியில் நின்றுவிட்டது என்று போனை எடுப்பதில் லாபம் இல்லை.

முட்டினால் Daily upload limit reached என்கிற மாதிரி வரும். 24 மணி நேரம் கழித்து வரச் சொல்லும். நள்ளிரவில் கணக்கு புதிதாகும் என்று நம்பிப் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்திருக்காதீர்கள், மறுநாள் அதே நேரம் வரை விட்டுவிடுங்கள். ஷார்ட்ஸும் வீடியோதான், ஏற்றினால் நாள் கணக்கில் வரும். 2024 அக்டோபர் 15 முதல் 3 நிமிடம் வரையிலான நெடுக்கு அல்லது சதுர வீடியோ ஷார்ட்ஸ் ஆகிவிடுகிறது, துண்டு துண்டாக வெட்டுகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

வரம்பு ஏற்றுவதற்குத்தான், வெளியிடுவதற்கு இல்லை. இது நமக்குச் சாதகம். ஆசிரியர் தினம் நான்கு பாடத்தை ஏற்றி, Schedule வசதியில் வாரத்துக்கு இரண்டு என்று தேதி போட்டு வைத்தால், பத்து நாளில் ஏற்றும் வேலை முடிந்துவிடும், பாடங்கள் 20 வாரத்துக்குத் தானாக வெளிவரும். நாளுக்கு நான்கு என்று நான் சொல்வதற்கு வரம்பு மட்டும் காரணமில்லை. அவருடைய இணைப்பில் அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்று வையுங்கள், நொடிக்கு 1.25 எம்பி. ஒரு 3.1 ஜிபி பாடம் ஏற 42 நிமிடம் ஆகும், நான்கு பாடத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். 40 பாடத்தையும் ஒரே நாளில் தள்ள நினைத்தால், வரம்பே இல்லாவிட்டாலும் 28 மணி நேரம் வேண்டும், நாளில் அவ்வளவு மணி கிடையாது. பலருக்கு யூடியூப்பின் நாள் வரம்பு முட்டுவதற்கு முன்னால் சொந்த இணைப்பின் வரம்பு முட்டிவிடும். டவுன்லோடு வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், வேகச் சோதனையில் அப்லோடு என்று தனியாக வரும் எண்தான் நமக்கு வேண்டியது.

மூன்றாம் படிக்குப் போவது

நாளுக்கு நிறைய ஏற்றவேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தால் Advanced features வேண்டும். முதலில் போன் எண் முடிந்திருக்கவேண்டும். அப்புறம் மூன்று வழி, ஏதாவது ஒன்று போதும். அதே Feature eligibility பக்கத்தில் உங்களுக்கு எவை திறந்திருக்கின்றன என்று காட்டும், எல்லாக் கணக்குக்கும் எல்லா வழியும் வராது.

ஒன்று, அடையாள அட்டை. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம் போன்றதைப் போனில் படம் எடுத்து அனுப்புவது. இரண்டு, முகத்தைச் சில நொடி வீடியோவாக எடுப்பது, திரையில் சொல்கிறபடி தலையைத் திருப்பவேண்டும். இரண்டுக்கும் பரிசீலனை பொதுவாக ஒரு நாளில் முடியும். அனுப்பிய படத்தையோ வீடியோவையோ எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்ற கவலை நியாயமானது: சேனலுக்குப் போதுமான வரலாறு சேர்ந்ததும் பொதுவாக அழிக்கப்படும், அதிகபட்சம் இரண்டு வருடம்.

மூன்றாவது வழி, எதையும் அனுப்பாமல் சேனல் வரலாறு சேரும்வரை காத்திருப்பது. ஒழுங்காக வீடியோ போட்டுக்கொண்டு, விதி மீறாமல் இருந்தால் இதற்குச் சாதாரணமாக இரண்டு மாதம் வரை ஆகலாம். நம் ஆசிரியருக்கு நான் இதைத்தான் சொல்வேன். பத்து நாளில் அவருடைய வேலை முடிகிறது, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை. தினமும் நிகழ்ச்சிகளை ஒளிப்பதிவு செய்து முப்பது நாற்பது துணுக்காகப் போடுகிறவர் என்றால் கதை வேறு, அவர் முதல் வாரமே அட்டையைக் கொடுத்துவிடுவது மேல்.

பழைய கணக்கு என்ற எண்ணத்தில் ஒரு ஓட்டை

எட்டு வருடத்துக்கு முன்னால் திறந்து, இரண்டு வீடியோ போட்டு, மறந்துபோன சேனல் சிலரிடம் இருக்கும். அதைத் தூசு தட்டினால் வரம்பு அதிகமாக இருக்கும் என்று நினைப்பார்கள். வயதுக்கு இங்கே மதிப்பெண் இல்லை. போன் எண் கொடுக்கவே இல்லை என்றால் இன்றும் 15 நிமிடம்தான். வரலாறு என்று சொல்வது நாட்களின் எண்ணிக்கை அல்ல, சேனலும் அதன் பின்னால் இருக்கும் கூகுள் கணக்கும் தொடர்ந்து எப்படிப் புழங்கின என்பது. வெறுமனே இருந்த எட்டு வருடத்தைவிட, ஒழுங்காக நடந்த இரண்டு மாதம் கனமானது.

கிடைத்தது போகவும் போகும். சமூக விதிமுறை மீறலுக்கு முதல் எச்சரிக்கைக்குப் பிறகு ஸ்ட்ரைக் விழுந்தால் ஒரு வாரத்துக்கு எதையும் ஏற்றமுடியாது. 90 நாளுக்குள் இரண்டாவது விழுந்தால் இரண்டு வாரம். மூன்றாவது விழுந்தால் சேனலே போய்விடும். Advanced features இருந்ததும் ஸ்ட்ரைக்கால் பறிபோகலாம், நேற்றுவரை நிறைய ஏற்றிக்கொண்டிருந்த சேனல் திடீரென்று குறைந்த எண்ணிக்கையில் நிற்க ஆரம்பித்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து மூன்றாம் படிக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டுடியோவின் முதல் பக்கத்தில் ஸ்ட்ரைக் இருக்கிறதா என்பதும் தெரியும்.

நம் ஆசிரியருக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. வகுப்பில் மாணவர்களுக்குப் போட்டுக்காட்டிய வேறொருவரின் பதிவு ஐந்தாறு பாடங்களில் பின்னணியில் ஓடுகிறது. தானியங்கிச் சோதனை அதைக் கண்டுபிடித்து உரிமைக்கோரல் போட்டால், அது ஸ்ட்ரைக் அல்ல, நாள் கணக்கைப் பாதிக்காது, விளம்பர வருமானமோ வீடியோ எங்கெங்கே தெரியும் என்பதோ மாறலாம், அவ்வளவுதான். உரிமையாளர் முறைப்படி நீக்கச் சொல்லி விண்ணப்பித்தால்தான் பதிப்புரிமை ஸ்ட்ரைக். ஏற்றும்போது Checks என்று ஒரு படி வரும், அது ஓடி முடியும்வரை வீடியோவை Private ஆகவே வைத்திருந்து, கோரல் வந்த இடங்களை மட்டும் ஸ்டுடியோவிலேயே ஒலியை அடக்கிவிட்டு, பிறகு தேதி போடலாம். மறுபடி வெட்டி மறுபடி ஏற்றினால் அது இன்னொரு அப்லோடாக அன்றைய கணக்கில் விழும்.